ஒரே விமானத்துக்கு நான்கு வேகங்கள்: மீட்டர் காட்டுவதும் தரையில் நகர்வதும்

கேள்வி: செஸ்னா 172எஸ் விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். சென்னையிலிருந்து கோவை போகும்போது 8,500 அடியில் வேகமானி 105 நாட் காட்டுகிறது. விமானக் கையேட்டின் அட்டவணை அதை 102 என்கிறது. கணக்குப் போட்டால் 119 வருகிறது. ஜிபிஎஸ் 95-க்கும் கீழே சொல்கிறது. இதில் எதுதான் நிஜ வேகம்? எதை நம்பி ஓட்டுவது?

பதில்:

நான்கும் சரியான எண்கள்தான். ஆனால் நான்கும் ஒரே பொருளை அளக்கவில்லை. முதல் இரண்டும் இறக்கையின் மேல் காற்று எவ்வளவு பலமாக மோதுகிறது என்பதைச் சொல்கின்றன. மூன்றாவது, விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது. நான்காவது, கீழே உள்ள நிலத்தின் மேல் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது. விமானத்தைப் பறக்க வைக்க முதல் எண், போய்ச் சேரும் நேரத்துக்கும் எரிபொருளுக்கும் கடைசி எண். நடுவில் உள்ள இரண்டும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும் படிகள்.

வேகமானி வேகத்தை அளப்பதில்லை என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அது ஓர் அழுத்தமானி. 172-ல் இடது இறக்கைக்குக் கீழே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய், எதிரே வரும் காற்றை நிறுத்தி அதன் முழு அழுத்தத்தைப் பிடிக்கிறது. உடற்பகுதியின் இடது பக்கத்தில் இருக்கும் ஸ்டாட்டிக் துளை, காற்றின் அசையா அழுத்தத்தை எடுக்கிறது. மீட்டருக்குள் மெல்லிய உலோகத்தால் ஆன சிறு டப்பா ஒன்று இருக்கிறது. பிட்டோ அழுத்தம் அதன் உள்ளே போகும், ஸ்டாட்டிக் அழுத்தம் அதைச் சுற்றி நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் டப்பா உப்புகிறது, அந்த அசைவு பல்சக்கரங்கள் வழியே முள்ளைத் திருப்புகிறது.

அந்த வித்தியாச அழுத்தம், விமான வேகங்களில், ஏறக்குறைய இந்தச் சமன்பாட்டுக்கு உட்பட்டது:

```
q = 0.5 * rho * V^2
```

இதில் `rho` காற்றின் அடர்த்தி, `V` காற்றுக்குள் விமானத்தின் வேகம். மீட்டருக்குத் தெரிவது `q` மட்டுமே. அதை வேகமாக மாற்ற அடர்த்தி தெரிய வேண்டும், ஆனால் மீட்டரிடம் அடர்த்தியை அறிய வழியில்லை. அதனால் மீட்டர் செய்பவர்கள் கடல்மட்டத்தில் 15 டிகிரி வெப்பத்தில் உள்ள அடர்த்தியை, அதாவது கனமீட்டருக்கு 1.225 கிலோவை, நிரந்தரமாக எடுத்துக்கொண்டு முகப்பில் எண்களை வரைகிறார்கள். பட்டறையில் மீட்டரைச் சோதிக்கும்போதும் இதே கணக்குதான். பிட்டோ பக்கம் ஏறக்குறைய 166 மில்லிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் கொடுத்தால் முள் 100 நாட்டில் நிற்க வேண்டும். 50 நாட்டுக்கு அதில் கால்பங்கு போதும். வேகம் இருமடங்காக, அழுத்தம் நான்கு மடங்காவதால்தான் குறைந்த வேகத்தில் முள் நம்பகமாக அசைவதில்லை. ஓடுபாதையில் முதல் சில நொடிகள் முள் சும்மா கிடந்து, திடீரென்று உயிர் பெறுவதற்கும் அதுவே காரணம்.

இனி முதல் படி: 105 எப்படி 102 ஆனது?

பிட்டோ குழாய் தன் வேலையை நன்றாகவே செய்யும். காற்று சில டிகிரி சாய்வாக வந்தாலும் முழு அழுத்தத்தைப் பிடித்துவிடும். சிக்கல் பெரும்பாலும் ஸ்டாட்டிக் துளையில். விமானத்தின் உடலைச் சுற்றி ஓடும் காற்று ஓரிடத்தில் வேகமெடுக்கும், ஓரிடத்தில் தயங்கும். அழுத்தமும் அதற்கேற்ப இடத்துக்கு இடம் மாறும். எல்லா வேகத்திலும் எல்லாச் சாய்விலும் சுற்றுப்புற அழுத்தத்தையே காட்டும் ஓர் இடம் விமானத்தின் மேல் கிடையாது. வடிவமைப்பாளர்கள் பிழை குறைவாக உள்ள இடத்தைத் தேடித் துளை போடுகிறார்கள், எஞ்சிய பிழையைச் சோதனைப் பறப்பில் அளந்து கையேட்டில் அட்டவணையாகத் தருகிறார்கள். காட்டும் வேகத்திலிருந்து இந்த இடப்பிழையையும் கருவியின் சொந்தப் பிழையையும் நீக்கியதுதான் கேலிபிரேட்டட் வேகம், அதாவது திருத்திய வேகம்.

172எஸ்-இன் அட்டவணையை, இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி ஏற்றும் பலகையான ஃபிளாப் ஏற்றிய நிலையில் பாருங்கள். மீட்டர் 50 காட்டும்போது திருத்திய வேகம் 56. 60 காட்டும்போது 62. 70-ல் இரண்டும் ஒன்று. 100 காட்டினால் உண்மையில் 97, 130 காட்டினால் 126. அதாவது மெதுவாகப் பறக்கும்போது மீட்டர் குறைத்துச் சொல்கிறது, வேகமாகப் பறக்கும்போது கூட்டிச் சொல்கிறது. உங்கள் 105, 100-க்கும் 110-க்கும் நடுவில் 102 ஆக விழுகிறது.

மூன்று நாட்தானே என்று பயணவேகத்தில் இதை விட்டுவிடலாம். ஆனால் வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலுக்கு அருகே விடக்கூடாது. அங்கே மாணவர்கள் செய்யும் ஒரு தவறு எனக்கு உண்மையாகவே கவலை தரும் விஷயம். ஃபிளாப் முழுவதும் இறக்கிய நிலையில் 172எஸ்-இன் ஸ்டால் வேகம் மீட்டர் கணக்கில் 40 நாட், மீட்டர் முகப்பில் வெள்ளை வளைவு தொடங்கும் இடம் அதுதான். இறங்கும் வேகம் ஸ்டாலின் 1.3 மடங்கு என்று பாடத்தில் படித்தவர் 40-ஐ 1.3-ஆல் பெருக்கி 52 என்று எடுத்துக்கொள்கிறார். அது தவறு, ஏனென்றால் மீட்டர் 40 காட்டும் அந்த நேரத்தில் திருத்திய வேகம் 48. பெருக்க வேண்டியது 48-ஐ. விடை 62. கையேடு குறுகிய ஓடுபாதைக்கு முழு ஃபிளாப்புடன் 61 நாட் என்று சொல்வதும் இதனால்தான். 52-ஐ நம்பி வருபவருக்கு 1.3 மடங்கு என்று நினைத்த இடைவெளி முழுதாக இல்லை. மடங்குக் கணக்கு எதுவானாலும் முதலில் திருத்திய வேகத்துக்கு மாறி, பெருக்கி, பிறகு மீட்டர் வேகத்துக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று. ஸ்டாட்டிக் துளை அடைபட்டால் திறக்கும் மாற்று ஸ்டாட்டிக் வால்வு, விமானி அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை எடுக்கிறது. வெளியே ஓடும் காற்று அறையின் அழுத்தத்தைச் சற்று உறிஞ்சிக் குறைப்பதால், பெரும்பாலும் வேகமும் உயரமும் கூடுதலாகக் காட்டும். அதற்குக் கையேட்டில் தனி அட்டவணை உண்டு. ஜன்னலும் ஹீட்டரும் திறந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து எண் மாறும்.

அடுத்த படி 102 எப்படி 119 ஆகிறது என்பது. இங்கே திருத்துவது பிழையை அல்ல. மீட்டர் 1.225 என்று வைத்துக்கொண்ட அடர்த்தி 8,500 அடியில் இல்லை. காற்று அங்கே மெலிந்திருக்கிறது. மெலிந்த காற்றில் அதே மோதல் அழுத்தம் உண்டாக வேண்டுமானால் விமானம் வேகமாகப் போக வேண்டும். எவ்வளவு வேகமாக என்பதை அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலம் சொல்லும்:

```
TAS   = CAS / sqrt(sigma)
sigma = delta / theta
delta = (1 - 6.8756e-6 * PA)^5.2559
theta = (OAT + 273.15) / 288.15
```

`CAS` திருத்திய வேகம், `TAS` காற்றுக்குள் விமானத்தின் மெய்வேகம். `sigma` அடர்த்தி விகிதம், `delta` அழுத்த விகிதம், `theta` வெப்ப விகிதம். `PA` என்பது அழுத்த உயரம், அடியில். ஆல்டிமீட்டரை 1013 ஹெக்டோபாஸ்கலில் வைத்தால் தெரியும் உயரம் அது. நீங்கள் ஃபிளைட் லெவல் 85-ல் பறந்தால் அது ஏற்கெனவே 1013-ல்தான் இருக்கிறது, தனியாக எதுவும் செய்ய வேண்டாம். `OAT` வெளிக்காற்றின் வெப்பநிலை, செல்சியஸில்.

உங்கள் கணக்கில் வெளியே 13 டிகிரி இருந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன், 119 வருவதற்கு அதுதான் பொருந்துகிறது. 8,500 அடியில் அழுத்த விகிதம் 0.729. வெப்ப விகிதம் 286.15-ஐ 288.15-ஆல் வகுக்க 0.993. அடர்த்தி விகிதம் 0.734. அதன் வர்க்கமூலம் 0.857. 102-ஐ 0.857-ஆல் வகுத்தால் 119.

வெப்பத்தின் பங்கைத் தனியாகப் பார்ப்பது நல்லது. பன்னாட்டுத் தர வளிமண்டலக் கணக்கில் 8,500 அடியில் மைனஸ் 2 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர் வானத்தில் அது 15 டிகிரி கூடுதல். மைனஸ் 2 டிகிரியாக இருந்திருந்தால் அதே 102-க்கு 116 நாட்தான் வந்திருக்கும். ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் கூட்டிக்கொள் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் மனக்கணக்கு, 8,500 அடிக்கு 17 சதவீதம், அதாவது 119 தருகிறது. தர வளிமண்டலத்தில் இந்த விதி கொஞ்சம் கூடுதலாகவே சொல்லும். நம்முடைய வெப்பத்தில் அது கச்சிதமாகப் பொருந்துவது தற்செயல், ஆனால் பயன்படும் தற்செயல். குளிர்நாட்டில் பறக்கப் போனால் அதை அப்படியே நம்பாதீர்கள்.

சில வேகமானிகளில் முகப்பைச் சுற்றி ஒரு திருகு வளையம் இருக்கும். மேலே உள்ள சிறு ஜன்னலில் அழுத்த உயரத்தை வெளிவெப்பத்துக்கு நேராகத் திருப்பி வைத்தால், கீழே வெளி அளவுகோலில் மெய்வேகம் தெரியும். வசதியானது, ஆனால் அது முள் காட்டும் 105-இலிருந்து நேராகத் தாவுகிறது, 102 என்ற படியைத் தாண்டிவிடுகிறது. அதனால் பயணவேகத்தில் மூன்று நான்கு நாட் கூடுதலாகக் காட்டும்.

மெய்வேகம் 119 என்றால் ஏன் அதை வைத்தே ஓட்டக்கூடாது? இறக்கைக்கும் மீட்டரைப் போலவே `q` மட்டும்தான் தெரியும் என்பதால். தூக்குவிசையும் இழுவிசையும் மோதல் அழுத்தத்தைப் பொறுத்தவை. அதே எடையில், அதே ஃபிளாப்பில், இறக்கை கடல்மட்டத்தில் எந்த மீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகிறதோ, 8,500 அடியிலும் அதே மீட்டர் வேகத்தில்தான் ஸ்டால் ஆகும். மெய்வேகம் உயரத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும், மீட்டர் வேகம் மாறாது. மெலிந்த காற்றில் மீட்டர் குறைத்துக் காட்டுவதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். விமானியைப் பொறுத்தவரை அந்தக் கருவியின் மிகப் பெரிய நன்மை அதுதான். ஒரே வண்ண வளைவுகள் எல்லா உயரத்துக்கும் போதுமாக இருப்பது அதனால்தான்.

லே விமான நிலையம் இதற்கு நல்ல உதாரணம். அதன் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 10,600 அடிக்கு மேல் இருக்கிறது. வெப்பம் 20 டிகிரி உள்ள ஒரு கோடை நாளில் அங்கே மெய்வேகம், திருத்திய வேகத்தைப் போல 1.23 மடங்கு. சென்னையில் 140 நாட்டில் இறங்கும் ஜெட் விமானம் லேயிலும் 140 காட்டித்தான் இறங்கும், ஆனால் காற்றே வீசாவிட்டாலும் தரையை 172 நாட்டில் தொடும். பிரேக்குகள் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது ஒன்றரை மடங்காகிறது. தரை விர்ரென்று ஓடுவதைக் கண்ணால் பார்த்து வேகத்தைக் குறைக்கத் தோன்றும். அங்கே கண்ணை நம்பிக் குறைப்பவர் ஸ்டாலை நோக்கிப் போகிறார்.

ஒரு சிறு விலகல். 200 நாட்டுக்கு மேல், 10,000 அடிக்கு மேல் போகும் விமானங்களில் நடுவே இன்னொரு படி வரும். வேகமாக மோதும் காற்று பிட்டோ குழாயில் நசுங்குவதால் அழுத்தம் மேலே சொன்ன எளிய சமன்பாட்டை விடச் சற்றுக் கூடும். அதை நீக்கினால் வருவது ஈக்விவலன்ட் வேகம், சமான வேகம். 35,000 அடியில் மாக் 0.78-ல் போகும் ஜெட்டுக்கு, தர வளிமண்டலத்தில், திருத்திய வேகம் 264, சமான வேகம் 250, மெய்வேகம் 450 நாட். 172-ல் இந்தப் படி அரை நாட்கூடத் தேறாது, மறந்துவிடலாம்.

இனி 119 எங்கே போய் 95-க்கும் கீழே வந்தது என்பதைப் பார்க்கலாம். இதில் கருவிக்கும் அடர்த்திக்கும் எந்தப் பங்கும் இல்லை. காற்றே நகர்கிறது, அவ்வளவுதான். காவிரியில் நீர் ஓடும்போது பரிசல்காரர் துடுப்புப் போடும் வேகம் தண்ணீருக்குள்தான். கரையிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது துடுப்பின் வேகமும் ஆற்றின் வேகமும் சேர்ந்த விளைவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தீபகற்பத்தின் மேல் சில ஆயிரம் அடி உயரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கோவைக்குப் போகும்போது நீங்கள் அதை எதிர்த்துப் போகிறீர்கள்.

எண்களை வைத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்து கோவை நேர்கோட்டில் ஏறக்குறைய 218 கடல் மைல், பாதையின் திசை 237 டிகிரி. காற்று 270 டிகிரியிலிருந்து 28 நாட் என்று வையுங்கள். பாதைக்கும் காற்றுக்கும் நடுவே 33 டிகிரி. அந்தக் காற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும்:

```
headwind  = 28 * cos(33) = 23.5
crosswind = 28 * sin(33) = 15.2
WCA = asin(15.2 / 119)   = 7.4
GS  = 119 * cos(7.4) - 23.5 = 94.5
```

வலப்பக்கத்திலிருந்து தள்ளும் 15 நாட்டை ஈடுகட்ட மூக்கை ஏழு டிகிரி வலப்பக்கம் திருப்பி 244-ல் வைக்கிறீர்கள், `WCA` என்பது அந்தத் திருப்பம். அப்படித் திருப்பியதால் மெய்வேகத்தில் ஒரு நாட் பக்கவாட்டுக்குச் செலவாகிறது. மீதியிலிருந்து எதிர்க்காற்று 23.5-ஐக் கழிக்கிறது. `GS`, அதாவது தரைவேகம், 94.5 மிஞ்சுகிறது. ஜிபிஎஸ் காட்டுவது இதுதான். ஜிபிஎஸ்-க்குக் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாது. செயற்கைக்கோள் சமிக்ஞைகளிலிருந்து நிலத்தின் மேல் உங்கள் இடம் எப்படி மாறுகிறது என்பதை மட்டுமே அது கணக்கிடுகிறது.

காற்று இல்லாத நாளில் 1 மணி 50 நிமிடத்தில் முடியும் பயணம் இப்போது 2 மணி 18 நிமிடம் ஆகும். மணிக்கு 35 லிட்டர் கணக்கில் கூடுதலாகப் 16 லிட்டர் எரியும். திரும்பி வரும்போது அதே காற்று, அதே மெய்வேகம் என்றால் தரைவேகம் 141.5, நேரம் 1 மணி 32 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கூட்டிப் பாருங்கள்: போய்வர 3 மணி 50 நிமிடம், காற்றில்லாமல் 3 மணி 40 நிமிடம். பத்து நிமிடம் நட்டம். எதிர்க்காற்றில் நீங்கள் அதிக நேரம் செலவிடுகிறீர்கள், சாதகக் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறீர்கள். அதனால் காற்று ஒருபோதும் சமனாகாது. போகும் வழியில் முதல் அரைமணியில் தரைவேகம் திட்டத்தை விடப் பத்து நாட் குறைந்திருந்தால், மீதித் தூரத்தை அந்தப் புதிய வேகத்தால் வகுத்து எரிபொருளை உடனே மறுபடி பாருங்கள். வேகமானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அது 105-ல் அசையாமல் நின்றுகொண்டிருக்கும்.

கீழிறங்கும்போதும் தரைவேகம்தான் கணக்கு. மூன்று டிகிரிச் சரிவுக்குத் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்று வரும். 95 நாட்டில் 475 அடி, 141 நாட்டில் 705 அடி. கோவைக்கு இறங்கிய பழக்கத்தில் சென்னைக்கும் 475 அடியில் இறங்கினால் ஓடுபாதைக்கு மேல் உயரமாக வந்து நிற்பீர்கள்.

தரைவேகத்தை வைத்து விமானத்தை ஓட்டுவதில்தான் ஆபத்து. ஜிபிஎஸ் திரையின் எண் பெரிதாகவும் தெளிவாகவும் இருப்பதால் கண் அங்கே போகிறது. இறுதி இறக்கத்தில் 15 நாட் எதிர்க்காற்று இருக்கும்போது ஜிபிஎஸ்-ஐ 62-ல் வைத்து வருபவர் காற்றுக்குள் 77-ல் வருகிறார், விமானம் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும். பின்காற்று 10 நாட் இருக்கும்போது அதையே செய்தால் காற்றுக்குள் வேகம் 52. திருத்திய கணக்கில் ஸ்டால் 48. ஒரு சின்ன காற்றுவீச்சு போதும்.

பின்காற்றில் இறங்குவதே தவறு என்பது வேறு விஷயம். சரியான மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தரையைத் தொடும் வேகம் 55-க்குப் பதில் 65 ஆனால், ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறி 40 சதவீதம் கூடும். செஸ்னா கையேடு, பின்காற்று 10 நாட் வரை ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது. எதிர்க்காற்றுக்கோ 9 நாட்டுக்கு 10 சதவீதம் மட்டுமே குறைக்க அனுமதிக்கிறது.

ஓடுபாதையைச் சுற்றி வரும் சர்க்யூட்டில் காற்றோடு திரும்பும்போது விமானம் வேகத்தை இழந்து ஸ்டால் ஆகும் என்று ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. சீராக வீசும் காற்றில் அப்படி நடக்காது. விமானம் திரும்புவது காற்றுக்குள், அந்தக் காற்று முழுவதுமாகச் சேர்ந்தே நகர்கிறது. முள்ளில் ஒரு நாட்கூட மாறாது. ஆனால் தாழ்வாகப் பறக்கும்போது காற்றோடு திரும்பியதும் தரை திடீரென வேகமாக ஓடுவதுபோல் தெரிகிறது. வேகம் கூடிவிட்டது என்று நினைத்துக் கை தானாக மூக்கை உயர்த்துகிறது. ஸ்டால் அங்கிருந்து வருகிறது. காற்று உயரத்துக்கு உயரம் பலமாக மாறும் இடங்களில் மட்டும் கதை வேறு. 300 அடியில் 20 நாட்டாக இருந்த எதிர்க்காற்று தரைக்கு அருகே 8 ஆகக் குறைந்தால், விமானத்தின் நிறை தரைவேகத்தை அவ்வளவு சீக்கிரம் மாற்றவிடாது, குறையும் 12 நாட்டும் முள்ளில் தெரியும். பலத்த காற்று நாளில் இறங்கும் வேகத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

கடைசியாக, இந்த நான்கு எண்களும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜிபிஎஸ் இருக்கும்போது வேகமானியைச் சோதிக்க எளிய வழி உண்டு. அமைதியான காலை நேரத்தில் ஒரே உயரம், ஒரே பவர். 000, 120, 240 ஆகிய மூன்று திசைகளில் மூக்கை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வேகம் நிலைத்தபின் ஜிபிஎஸ் தரைவேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதையை அல்ல, மூக்கின் திசையைப் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ் பாதையைத் தொடரும் ஆட்டோபைலட்டை அணைத்துவிடுங்கள். மேற்கிலிருந்து 20 நாட் காற்றில் மெய்வேகம் 119 உள்ள விமானத்துக்கு 121, 137, 102 கிடைக்கும். சராசரி 120. காற்றின் தாக்கம் ஏறக்குறைய ரத்தாகி ஒரு நாட் மட்டும் எஞ்சுகிறது. இந்த மெய்வேகத்தை மேலே போட்ட கணக்கில் பின்னோக்கி ஓட்டி, திருத்திய வேகத்துக்கும் அட்டவணை வழியாக மீட்டர் வேகத்துக்கும் வந்தால், முள் காட்ட வேண்டிய எண் கிடைக்கும். நான்கு ஐந்து நாட்டுக்கு மேல் விலகினால் ஸ்டாட்டிக் குழாயில் கசிவையும் பிட்டோ குழாயில் பூச்சிக்கூட்டையும் பாருங்கள்.

பிட்டோ அடைப்பு பறக்கும்போது எப்படித் தெரியும் என்பதைத் தனியாக நினைவில் வையுங்கள். முன்துளை மட்டும் அடைத்து, அடியில் உள்ள வடிகால் துளை திறந்திருந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும், அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இரண்டும் அடைத்தால் உள்ளே அழுத்தம் சிறைப்படுகிறது, மீட்டர் உயரமானியைப் போல நடக்கத் தொடங்குகிறது. ஏற ஏற வெளி அழுத்தம் குறைந்து வேகம் கூடுவதாகக் காட்டும், இறங்கினால் குறைவதாகக் காட்டும். ஸ்டாட்டிக் அடைத்தால் நேர் எதிர்: ஏறும்போது குறைத்தும் இறங்கும்போது கூட்டியும் காட்டும், கூடவே உயரமானியும் உறைந்து நிற்கும்.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் 301, ஒரு போயிங் 757, இப்படித்தான் விழுந்தது. கேப்டன் பக்கத்துப் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது, குளவிக்கூடு காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கருதியது. விமானம் ஏற ஏற அவருடைய மீட்டரில் வேகம் கூடிக்கொண்டே போனது. உண்மையில் வேகம் குறைந்துகொண்டிருந்தது. விமானம் ஸ்டாலில் விழுந்து, இருந்த 189 பேரும் இறந்தார்கள். உங்கள் 172-ல் ஏறும்போது பவரும் மூக்கின் சாய்வும் மாறாமல் இருக்க, முள் மட்டும் மெதுவாக மேலே போனால், முள்ளை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பழகிய ஏறும் சாய்வையும் முழுப் பவரையும் பிடித்துக்கொள்ளுங்கள், பிட்டோ ஹீட்டரைப் போடுங்கள். காற்றின் திசையும் வேகமும் தெரியும் என்பதால் ஜிபிஎஸ் தரைவேகத்தில் எதிர்க்காற்றைக் கூட்டினால் மெய்வேகம் தோராயமாகத் தெரியும். அதிலிருந்து ஆயிரம் அடிக்கு 2 சதவீதம் குறைத்தால், முள் காட்டியிருக்க வேண்டிய எண் கையில் இருக்கும்.